ஊசிக்கு நேரே ஒரு கதிரை

அப்பாவின் அளவுப் புத்தகத்தில் இடுப்பளவும் தொடையளவும் எழுதும் பக்கங்களுக்குப் பின்னால், கடைசி நான்கு தாளில் வேறொரு கணக்கு இருக்கிறது. "செவ்வாய். கறுப்புக் களிசான் மூண்டு. பதினொண்டேகால். இடப்பக்கம்." அடுத்த வரி: "புதன். வெள்ளைச் சேட்டு அஞ்சு. ரெண்டு மணி. கொஞ்சம்." இப்படியே எட்டு வாரம். தலையிடி எப்போது தொடங்கியது, அன்றைக்கு என்ன தைத்துக்கொண்டிருந்தார் என்று அப்பா எழுதிய கணக்கு அது. நான் கேட்டதற்காகத்தான் எழுதத் தொடங்கினார். முதல் மூன்று நாளும், "இதையெல்லாம் எழுதி என்ன மகள் வரப்போகுது" என்று முணுமுணுத்தபடியே எழுதினார்.

எங்கள் வீடு காரைதீவில். அப்பாவின் தையல் கடை கல்முனையில், சந்தைப் பக்கம். ஆண்களின் உடுப்புத்தான் அவருடைய வேலை. கலியாணக் களிசான், அலுவலகச் சேட்டு, தை பிறந்தால் பள்ளிக்கூடத்து வெள்ளை, நோன்பு மாதத்தில் பெருநாள் உடுப்பு. முதலில் வைத்திருந்த மெஷினை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. இப்போதுள்ளதை அடுத்த வருடம் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார். இரும்புக் காலும் மிதியும் உள்ள மேசை மெஷின்தான். பிறகு சின்ன மோட்டர் ஒன்று பூட்டி, காலால் அழுத்தும் சுவிட்சை மிதிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அந்த மேசையின் உயரத்தை யாருமே அவருக்காக அளந்ததில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிதர், தனக்கு அளவில்லாத மேசையில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்.

நான் இயன்மருத்துவம் படித்தவள். ஊரில் சொல்வதென்றால் பிசியோ. கழுத்து வலியோடு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும் அப்பாவின் கழுத்தை நான் வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். பாயில் படுக்க வைத்து, கதிரையில் இருத்தி, அசைத்துப் பார்த்து, பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். அவரும் செய்தார். ஒரு வாரம் சுகம், மறுவாரம் பழையபடி. ஒன்றரை வருடம் இப்படியே போனது. கடைக்குப் போய் அவர் தைப்பதை நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் அது மனதை உறுத்துகிறது.

வலியைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிடரியில், மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் அந்தப் பள்ளத்தில், இடப்பக்கம் ஓர் உளைவாகத் தொடங்கும். அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப் பொட்டுக்கு வந்து, இடக் கண்ணின் பின்னால் போய் நிற்கும். எப்போதும் இடம்தான், பக்கம் மாறாது. கண்ணில் வலி என்பதால் முதலில் கண்ணாடி மாற்றினார். அதற்குப் பிறகு பீனிசம் என்று ஆவி பிடித்தார். ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேஞ்சிட்டு" என்று சொல்லிக் கழுத்துப் பட்டி ஒன்று கொடுத்தார்கள். பட்டியைக் கட்டிக்கொண்டே தைக்க உட்கார்ந்தார். பட்டி கழுத்தைக் குனிய விடவில்லை. ஊசியைப் பார்ப்பதற்காக முதுகைக் கூனிக் கூனி இருந்ததில், இடுப்பும் சேர்ந்து வலிக்கத் தொடங்கியது. "தேஞ்சிட்டு" என்ற சொல் அதைவிடப் பெரிய பாரமாக அவர் மனதில் இறங்கிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் பெரும்பாலானவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சம் தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பல நாள் எடுத்தது.

கழுத்தில் உள்ள கோளாறு கண்ணுக்குப் பின்னால் ஏன் வலிக்க வேண்டும்? அப்பாவுக்கு வயலை வைத்துத்தான் சொன்னேன். கழுத்தின் மேல் மூன்று எலும்புகளை ஒட்டி வரும் நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் போகும் நரம்பும், முள்ளந்தண்டின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. இரண்டு வாய்க்கால் ஒரு மதகில் சேருவது போல. மதகுக்குக் கீழே நிற்கிறவனுக்குத் தண்ணீர் கூடியது தெரியும், எந்த வாய்க்காலால் வந்தது என்று தெரியாது. மூளைக்கும் அதே நிலைதான். பிடரி மூட்டில் கிளம்பிய வலியை அது நெற்றிக்கும் கண்ணுக்கும் எழுதிவிடுகிறது.

எல்லாத் தலையிடியும் இப்படி அல்ல. அதனால் அப்பாவிடம் சிலவற்றைத் தீர விசாரித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி வந்தால், சாப்பாட்டை மெல்லும்போது தாடை நோகிறதா, தலை சீவும்போது மண்டைத் தோல் நோகிறதா, பார்வை மங்குகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஓம் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், பார்வை பறிபோகக்கூடிய நோயொன்று அப்படித்தான் தொடங்கும். கையில் பலம் குறைந்தாலும், பொத்தான் பூட்ட விரல் தடுமாறினாலும், நடை தள்ளாடினாலும், விழுந்த பிறகு வந்த வலியானாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், இடி விழுந்தது போலத் திடீரென்று வந்தாலும் அதே அவசரம்தான். அப்பாவுக்கு இவை எதுவும் இருக்கவில்லை. பிரஷரும் சரியாக இருந்தது.

பிறகு ஒரு சின்னச் சோதனை. மல்லாக்கப் படுக்க வைத்து, நாடி நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலையை மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பது. அப்படி மடக்கினால் கழுத்தின் கீழ்ப்பகுதி பூட்டிக்கொள்ளும், உச்சி மூட்டு மட்டும்தான் திரும்பும். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் 40 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு வலப்பக்கம் தாராளமாகத் திரும்பியது. இடப்பக்கம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் முட்டிக்கொண்டு நின்றது. இடப் பிடரியை விரலால் அழுத்தியபோது, "இதுதான் மகள், இதுதான் அந்தக் கண் நோவு" என்றார். தலையிடி கழுத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்கு அப்போது தெளிவாயிற்று. கழுத்தை யார் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

அதை அந்த அளவுப் புத்தகம்தான் காட்டித் தந்தது. இரண்டு வாரக் கணக்கைப் பார்த்தபோது மூன்று விஷயம் கண்ணில் பட்டது. காலையில் எழும்பும்போது வலி இல்லை, மெஷினில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் வருகிறது. நாள் முழுக்க வெட்டு மேசையில் நின்று துணி வெட்டிய நாளில், குனிந்து வெட்டியும்கூட, வலி வரவில்லை. கறுப்புத் துணி தைத்த நாளில் வலி நேரத்தோடு வந்து கடுமையாக நிற்கிறது, வெள்ளை தைத்த நாளில் பிந்தி வந்து லேசாகப் போகிறது. கழுத்துக்குத் துணியின் நிறம் எப்படித் தெரியும்? கண்ணுக்குத்தான் தெரியும். சரி, கடைக்குப் போவோம் என்று அடுத்த நாளே கிளம்பினேன்.

ஒரு மூலையில் இருந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தைக்கத் தொடங்கும்போது நிமிர்ந்துதான் இருந்தார். ஒரு களிசானின் பக்கத் தையல் முடிவதற்குள் முகம் மெஷினுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவருடைய அளவு நாடாவையே எடுத்துக் கண்ணுக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். 11 அங்குலம். தலை ஏறக்குறைய 5 கிலோ. 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் பாரம் தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். தலை முன்னால் போகப் போக, பிடரித் தசைகள் அப்படி நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. இதெல்லாம் எனக்குப் பாடத்தில் தெரிந்தது. தெரியாமல் இருந்தது, அப்பாவை முன்னால் இழுப்பது எது என்பதுதான்.

அது நான்கு பக்கமிருந்து நடந்துகொண்டிருந்தது. முதலாவது வெளிச்சம். ரியூப் லைட் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அவருடைய தலை நிழலே ஊசியில் விழுந்தது. கறுப்பில் கறுப்பு நூல் போகும்போது, நிழலுக்குள் தையலைத் தேடித் தேடி முகம் கீழே போகிறது. இரண்டாவது கண்ணாடி. மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும் என்று இரண்டு பிரிவுள்ள கண்ணாடி. ஊசி தெரிவது கீழ்ப் பிரிவால்தான், அதனால் முதுகைக் குனிந்து நாடியை முன்னுக்குத் தூக்குகிறார். பிடரிப் பள்ளம் அப்போது நெருக்குப்படுகிறது. மூன்றாவது, நான் எதிர்பார்க்காதது, கால். மிதி மெஷினில் மிதி மேசையின் நடுவில் இருக்கும், ஊசி அதற்கு இடப்பக்கம் தள்ளி இருக்கும். மோட்டர் வந்த பிறகும் சுவிட்சைப் பழைய இடத்திலேயே வைத்திருந்ததால், உடம்பு நடுவிலும் ஊசி இடப்பக்கத்திலுமாக, நாள் முழுக்கத் தலை இடப்பக்கம் திரும்பியே இருந்தது. அதோடு சுவிட்ச் மேசையின் முன் ஓரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. கால் எட்டவேண்டும் என்றால் கதிரையைப் பின்னால் தள்ளித்தான் இருக்க வேண்டும். கதிரை பின்னால், ஊசி முன்னால். இடையில் உள்ள தூரத்தைக் கழுத்துத்தான் நிரப்பியது.

நான்காவது உயரம். மேலிருந்து பார்த்தால் ஊசி நன்றாகத் தெரியும் என்று அப்பா ஸ்டூலுக்கு மேல் பலகையும் அதற்கு மேல் பழைய தலையணையும் போட்டிருந்தார். முழங்கையும் மேசையும் ஒரே மட்டத்தில் இருந்தன. எழுதுகிற மேசைக்கு அது சரி. தைப்பது நுணுக்கமாகப் பார்த்துச் செய்யும் வேலை. மேசை முழங்கையைவிடச் சற்று உயரமாக இருந்தால்தான் துணி கண்ணுக்குக் கிட்ட வரும். இல்லாவிட்டால் கண் துணிக்குக் கிட்டப் போகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. மாற்றினால் எது உதவியது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் நம்பிக்கை வராது. முதல் வாரம் வெளிச்சமும் காலும் மட்டும். மேசையின் இடப்பக்கம், ஊசிக்கு முன்னால், வளைக்கக்கூடிய கழுத்துள்ள சின்ன எல்.ஈ.டி. விளக்கொன்று பூட்டினோம். சுவிட்சை ஒரு சாண் உள்ளே தள்ளி, மூக்கு ஊசிக்கு நேரே வரும்படி கதிரையை இடப்பக்கம் நகர்த்தினோம். அப்பாவுக்குக் கை தடுமாறியது. இரண்டு நாள் தையல் கோணியது என்று கோபித்துக்கொண்டார். நான்காம் நாள் கோணவில்லை.

இரண்டாவது வாரம் உயரம். இதில் நான் பிழை விட்டேன். ஸ்டூலுக்கு மேலிருந்த பலகையை எடுத்துவிட்டு, மேசையின் முன் கால்களுக்கு 2 அங்குலமும் பின் கால்களுக்கு 5 அங்குலமும் கட்டை வைத்தேன். பின்பக்கம் கூட வைப்பது, மேசை அவரைப் பார்த்துச் சரிவதற்காக. வாசிக்கும் சாய்வு மேசை போலத் தட்டு நம் பக்கம் சரிந்தால், குனியாமலே ஊசி தெரியும். சரிவு சரி, உயரம் கூடிவிட்டது. மூன்றே நாளில் "தலையிடி குறைஞ்சிட்டு, ஆனா ரெண்டு தோளும் கழண்டு விழுற மாதிரிக் கிடக்கு" என்றார். போய்ப் பார்த்தால், தைக்கும்போது தோள் காதை நோக்கி ஏறி நிற்கிறது. மேசை கூடிப்போனதற்கு அதுதான் அடையாளம். முன் கட்டைகளை எடுத்துவிட்டு, பின்னால் 3 அங்குலம் மட்டும் வைத்தோம். முன் காலுக்கும் பின் காலுக்கும் இடையில் 16 அங்குலம் என்பதால் சரிவு ஏறத்தாழ 10 பாகை வந்தது. மேசை முழங்கைக்கு மேல் மூன்று, மூன்றரை அங்குலத்தில் வந்து நின்றது. தோள் இறங்கியது.

சரிந்த மேசைக்கென்று வேறு தொல்லைகள் உண்டு. கத்தரிக்கோலும் சோக்கும் மடியில் வந்து விழுந்தன. முன் ஓரத்தில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று அடித்ததும் அது நின்றது. மெஷின் கால்களில் சின்னச் சில்லுகள் இருப்பதால் கட்டையில் நடுவே குழி தோண்டிச் சில்லை அதற்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் வேகமாக ஓட்டும்போது மெஷின் உருண்டு இறங்கிவிடும். தச்சு வேலை செய்யும் பக்கத்துக் கடைத் தம்பி அதைச் செய்து தந்தார். மோட்டர் இல்லாமல் மிதியால் மட்டும் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிதி மெஷினோடு சேர்ந்த பொருள். மெஷினை உயர்த்தினால் மிதியும் உயரும், முழங்காலும் சேர்ந்து ஏறும். அவர்கள் பின் கால்களுக்கு மட்டும் ஒரு அங்குலத்தில் தொடங்கி, மிதித்துப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதுதான் நல்லது.

மூன்றாவது வாரம் கண்ணாடி. புதிய இருப்பில் கண்ணுக்கும் ஊசிக்கும் 17 அங்குலம் வந்தது. அந்த அளவை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனோம். இந்தத் தூரத்துக்கு மட்டும், பிரிவில்லாத கண்ணாடி வேண்டும் என்று கேட்டோம். தைப்பதற்கென்றே தனிக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு வீதியில் நடக்க முடியாது, அதனால் மெஷினிலேயே தொங்கவிட்டிருக்கிறார். அதைப் போட்ட முதல் நாள் நாடி தானாகவே இறங்கியது. "நாடியை உள்ளே எடுங்க அப்பா" என்று நான் ஒன்றரை வருடம் சொல்லியும் இறங்காத நாடி அது.

இருப்பைச் சரிசெய்தாலும், எவ்வளவு நல்ல இருப்பிலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் கழுத்து நோகும். மணிக்கூடு வைத்து எழும்பச் சொன்னால் அப்பா எழும்பமாட்டார். காலையில் பத்துப் பொபினில் நூல் சுற்றி இழுப்பறையில் அடுக்கிவைத்துக்கொள்வது அவருடைய பழக்கம், எழும்பாமலே மாற்றுவதற்காக. அந்தப் பொபின் டப்பாவைத் தூக்கி வெட்டு மேசையில் வைத்தேன். கீழ் நூல் முடியும் ஒவ்வொரு தரமும் எழும்பி நாலு எட்டு நடந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது தோள் பட்டைகளைப் பின்னால் சேர்த்து ஒரு தரம் இறுக்கிவிட்டு வருவார். படுத்துக்கொண்டு, ஓம் என்று மெதுவாகத் தலையாட்டுவது போல நாடியை உள்ளே இழுக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்துத் தரம் செய்தார். பழைய பயிற்சிதான். இந்த முறை செய்ததை மெஷின் வந்து அழிக்கவில்லை.

பனடோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு இரண்டு, பின்னேரம் இரண்டு என்று ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டிருந்தார். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக இப்படிப் போட்டுவந்தால், அந்த மருந்தே தலையிடியை நிலைக்க வைத்துவிடும். நம்மூரில் இதை அறிந்தவர்கள் குறைவு. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்தினோம். நிறுத்திய முதல் பத்து நாளும் வலி கூடியது. அந்த நாட்களில் அளவுப் புத்தகத்தில் "கூட, கூட" என்றே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஆகவே வெளிச்சம், கண்ணாடி, கட்டை, மாத்திரை இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் கணக்குச் சொல்ல எனக்கு இயலாது. தலை இடப்பக்கம் திரும்புவது மட்டும், கதிரையை நகர்த்தி ஒரு மாதத்துக்குள், வலப்பக்கத்தோடு ஏறக்குறையச் சமமாகிவிட்டது.

வாரத்தில் ஆறு நாள் இருந்த தலையிடி எட்டாவது வாரத்தில் ஒரு நாளானது. ஒன்றுகூட இல்லாத வாரங்களும் வந்தன. அடுத்த பெருநாள் நெருக்கத்தில், இரவு பதினொரு மணி வரை தைத்த நாட்களில், திரும்பவும் வந்தது. அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கட்டைகளைப் பார்த்து, ஒரு பக்கக் கட்டை நழுவியிருந்ததைக் கண்டுபிடித்துத் திரும்ப வைத்தார்.

கடையில் வேலை பழகும் தம்பி அப்பாவைவிட ஒரு சாண் உயரம். அப்பா சாப்பிடப் போன நேரத்தில் அந்த மெஷினில் இருந்து தைத்துவிட்டுக் கழுத்து நோகிறது என்று சொன்னான். அடுத்த நாள் அப்பா அவனை ஸ்டூலில் நேரே இருத்தி, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை நாடா பிடித்தார். கண்ணிலிருந்து ஊசிக்கு இன்னொரு தரம் பிடித்தார். இரண்டையும் அளவுப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு, தச்சுக் கடைப் பக்கம் போனார்.